கட்டடத்துக்குள் டிரான்ஸ்ஃபார்மர்: காஸ்ட் ரெசினா, எண்ணெயா?

ஒரு எட்டு மாடி மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். இடம் சென்னை. மின்வாரியம் 11,000 வோல்ட்டில் இணைப்பு தருகிறது. ஏ.சி. சில்லர், லிஃப்ட், ஸ்கேன் கருவிகள், அறுவை அரங்குகள் எல்லாம் சேர்த்து உச்ச நேரச் சுமை 700 கே.வி.ஏ. வரை போகும். ஆலோசகர் 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதும் என்கிறார். எண்ணெய் ஊற்றியதை வாங்குவதா, எண்ணெயே இல்லாமல் கம்பிச்சுருளைப் பிசினில் வார்த்த காஸ்ட் ரெசின் உலர் வகையை வாங்குவதா என்று கட்டடக் குழு கேட்கிறது.

பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலை வைத்துத்தான் பதில் தேடுகிறார்கள். எண்ணெய் வகை கணிசமாக மலிவு, அதனால் அதையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் முதலில் முடிவு செய்யவேண்டியது டிரான்ஸ்ஃபார்மர் எங்கே நிற்கப்போகிறது என்பதை. அது முடிவானால் வகை ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். உலர் வகை என்று முடிவானால், எண்ணெய் இலவசமாகச் செய்துகொண்டிருந்த இரண்டு வேலைகளை நாம் காசு கொடுத்து வேறு வழியில் செய்யவேண்டி வரும். அந்தப் பகுதிதான் பல திட்டங்களில் விட்டுப்போகிறது.

ஏன் உள்ளே கொண்டுவருகிறோம் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் 11,000 வோல்ட் பக்கத்தில் முழுச் சுமையில் ஓடுவது சுமார் 52 ஆம்பியர். அதே திறன் 433 வோல்ட் பக்கத்தில் 1333 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் வளாகத்தின் ஒரு மூலையில் இருந்தால் அந்த 1333 ஆம்பியரைக் கட்டடம் வரை தடித்த கேபிள்களிலோ உலோகப் பட்டைகள் ஓடும் பஸ் டக்டிலோ இழுத்துவரவேண்டும். தாமிரத்துக்கும் அலுமினியத்துக்கும் ஆகும் செலவு, வோல்ட்டேஜ் இறக்கம், இழப்பு மூன்றும் தூரத்தோடு ஏறும். எச்.டி. எனப்படும் உயர் அழுத்த மின்சாரத்துக்கு மெல்லிய ஒரு கேபிளை உள்ளே கொண்டுபோய், சுமைக்குப் பக்கத்திலேயே இறக்குவது பொறியியல்படி சரியான யோசனைதான். உள்ளே நிற்கிற அந்தப் பொருள் எரியக்கூடியதா என்பதுதான் அப்புறம் வரும் கேள்வி.

தீ

1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் நடந்ததை இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் விவரமாகத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். தரைத்தள வாகன நிறுத்துமிடத்தை ஒட்டிய அறையில் மின்வாரியத்தின் 1000 கே.வி.ஏ. எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. அன்று காலையிலேயே அதில் ஒரு சிறு தீ. அவசரமாகப் பழுது பார்த்தார்கள். எல்.டி. எனப்படும் குறைந்த அழுத்தப் பக்கக் கேபிளின் சாக்கெட்டை முறையான கிரிம்பிங் கருவியால் அழுத்தாமல் சுத்தியலால் அடித்துப் பொருத்தியிருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. மாலையில் அந்தத் தளர்ந்த இணைப்பு பொறி பறந்து கழன்று, ரேடியேட்டர் இதழில் பட்டு அதைத் துளைத்தது. எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது. பக்கத்தில் நின்ற கார்கள் பற்றிக்கொண்டன, புகை மேலே அரங்கத்துக்குள் ஏறியது. 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது புகைதான்.

இதில் டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான வைண்டிங் வெடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கோளாறு வெளியே, ஒரு கேபிள் முனையில். தளர்ந்த இணைப்பு எந்த வகை டிரான்ஸ்ஃபார்மரிலும் வரலாம். உலர் வகையில் வந்திருந்தால் முனை கருகியிருக்கும், இன்சுலேஷன் எரிந்து நாறியிருக்கும், பிரேக்கர் விழுந்திருக்கும். எண்ணெய் வகையில் அதே பொறிக்குப் பக்கத்தில் ஒரு டாங்க் நிறைய எரிபொருள் இருந்தது. அதைப் பிடித்துவைக்கும் குழியோ தடுப்போ அங்கே இல்லை.

மினரல் ஆயிலின் தீப்பற்று நிலை சுமார் 140 டிகிரியில் தொடங்குகிறது. 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரில் 800 முதல் 1000 லிட்டர் வரை எண்ணெய் இருக்கும். எடைக்கு எடை பார்த்தால், எரியும்போது அது தரும் வெப்பம் பெட்ரோல் தருவதற்குச் சமம். உள்ளே ஷார்ட் சர்க்யூட் வந்தால் இன்னொரு ஆபத்து: ஆர்க்கின் வெப்பத்தில் எண்ணெய் உடைந்து ஹைட்ரஜனும் அசிட்டிலினும் உண்டாகும். அழுத்தம் சட்டென்று ஏறி டாங்க் கிழிந்தால் கொதிக்கும் எண்ணெய் வெளியே சீறும். புக்ஹோல்ஸ் ரிலே, பிரஷர் ரிலீஃப் வால்வு எல்லாம் இதைக் குறைக்கத்தான் இருக்கின்றன. குறைக்கும், இல்லாமல் செய்யாது.

காஸ்ட் ரெசின் வகையில் எச்.டி. வைண்டிங்கை அச்சுக்குள் வைத்து வெற்றிடத்தில் எபாக்ஸி ரெசினை ஊற்றிக் கெட்டியாக்குகிறார்கள். அந்தக் கலவையில் எடைப்படி பெரும் பங்கு சிலிக்கா போன்ற எரியாத தூள். தீயணைப்புக்காகச் சிலர் அலுமினியம் ஹைட்ராக்சைடும் சேர்ப்பார்கள். சூடேறும்போது அது நீராவியை விட்டு எரிவதை மட்டுப்படுத்தும். ஐ.இ.சி. 60076-11 தரத்தில் எஃப்1 என்ற தீ வகுப்பு உண்டு. வெளித்தீ வைண்டிங்கைத் தாக்கும்போது அது குறைவாகவே எரியவேண்டும், தீயை நீக்கியபின் தானாக அடங்கவேண்டும், புகையும் நச்சுவாயுவும் கட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

ஆக, உலர் வகை எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். தொடர்ந்து ஆர்க் அடித்துக்கொண்டிருந்தால், பிரேக்கர் விழாவிட்டால், ரெசினும் கருகிப் புகையும். ஆனால் ஓடிப் பரவ அதில் திரவம் இல்லை. தீ பிறந்த அறையிலேயே நிற்கும். மேலே நோயாளிகள் படுத்திருக்கும் கட்டடத்தில் அந்த ஒரு வித்தியாசமே போதுமானது என்பது என் உறுதியான கருத்து. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகளும் குடியிருப்பு, வணிகக் கட்டடங்களுக்குள் உலர் வகையை மட்டுமே வைக்கச் சொல்லின. 2023-இல் புதிய விதிமுறைகள் அவற்றின் இடத்துக்கு வந்துவிட்டன. எனவே இடம் முடிவு செய்யும் முன் நடப்பு விதியை மின் ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

மினரல் ஆயிலுக்குப் பதிலாக ஊற்றும் எஸ்டர் திரவத்தைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். இயற்கை எஸ்டரும் செயற்கை எஸ்டரும் 300 டிகிரிக்கு மேல்தான் நின்று எரியத் தொடங்கும். தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும் இயற்கை எஸ்டருக்கு அது 350-க்கு மேல். இவற்றை கே வகுப்புத் திரவம் என்பார்கள். எண்ணெயின் குளிர்ச்சியும் பொறுமையும் வேண்டும், தீ அபாயம் குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு இது நியாயமான நடுவழி. ஆனால் திரவம் திரவம்தான். கசிந்தால் பிடித்துவைக்கத் தடுப்புச்சுவர் வேண்டும். வார்டுகளுக்கு அடியில் இதை வைக்க நான் சொல்லமாட்டேன். கட்டடத்தை ஒட்டி, தனி வாசலோடு நிற்கும் அறைக்கு இது நன்றாகப் பொருந்தும்.

குளிர்ச்சி

எண்ணெய் வகையில் சூடான எண்ணெய் தானே மேலேறி, ரேடியேட்டரில் ஆறி, கீழே இறங்கும். வைண்டிங்கின் ஒவ்வொரு இடுக்கிலும் அது புகும். உலர் வகையில் அந்த வேலையைக் காற்று செய்யவேண்டும். காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. அதனால்தான் உலர் வகை அதிக வெப்பத்தைத் தாங்கும் இன்சுலேஷனோடு, அதிகச் சூட்டில் ஓடும்படியே வடிவமைக்கப்படுகிறது. எஃப் வகுப்பு இன்சுலேஷனின் எல்லை 155 டிகிரி. சுற்றுக்காற்றைவிட வைண்டிங் சராசரியாக 100 டிகிரி வரை கூடலாம். எண்ணெய் வகைக்கு அந்தக் கூடுதல் 65 டிகிரி.

100 டிகிரி என்ற எண் எந்தக் காற்றை வைத்துச் சொல்லப்படுகிறது என்று பார்க்கவேண்டும். சர்வதேசத் தரம் அதிகபட்சம் 40 டிகிரி, ஆண்டுச் சராசரி 20 டிகிரி என்று வைத்துக்கொள்கிறது. சென்னையின் ஆண்டுச் சராசரியே 28 டிகிரிக்கு மேல். மே மாதத்தில், மூடிய அறையில், டிரான்ஸ்ஃபார்மரும் பேனல்களும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்போது 45 முதல் 50 டிகிரி வருவது சாதாரணம். அறை 50 டிகிரி வரை போகும் என்றால் கூடுதல் சூட்டை 100-க்குப் பதில் 90 டிகிரிக்குள் வைக்கும்படி ஆர்டரிலேயே எழுதவேண்டும். வாங்கிய பிறகு இதைச் சரிசெய்ய வழியில்லை, சுமையைத்தான் குறைக்கவேண்டியிருக்கும்.

காற்றுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் நடப்பில் உள்ள இழப்பு உச்சவரம்பு பொதுவெளியில் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 1000 கே.வி.ஏ. உலர் வகைக்குச் சுமையில்லாத இழப்பு 1.4 கிலோவாட், முழுச் சுமையில் வைண்டிங் இழப்பு 9 கிலோவாட். முழுச் சுமை இருக்கும்வரை மொத்தம் 10.4 கிலோவாட் வெப்பம் அந்த அறையில் ஹீட்டர் போல வெளிவரும். உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று 15 டிகிரிக்கு மேல் சூடாகக்கூடாது என்று வைத்தால், ஒரு கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு மூன்றரை கன மீட்டர் காற்று வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 36 கன மீட்டர். அறை பத்துக்குப் பத்தோ இருபதுக்கு இருபதோ, அளவு என்னவாக இருந்தாலும் தேவை இதுதான்.

இங்கேதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. காற்று வழியில் பொருத்தும் லூவரின் வெளிச்சட்டப் பரப்பைக் கணக்கில் எடுப்பார்கள், ஆனால் தகடுகளும் கொசுவலையும் போக உண்மையில் காற்று போகும் பரப்பு பாதிதான் இருக்கும். உள்வரும் வழியும் வெளிப்போகும் வழியும் ஒரே சுவரில் ஒரே உயரத்தில் இருந்தால் காற்று குறுக்கே ஓடிவிடும், டிரான்ஸ்ஃபார்மரைத் தொடாது. குளிர்ந்த காற்று தரையோரமாக நுழைந்து, வைண்டிங்குகளுக்கு அடியிலிருந்து மேலேறி, எதிர்ச் சுவரின் உச்சியில் வெளியேறவேண்டும். அடித்தளத்தில் பக்கத்து அறை ஜெனரேட்டரின் சூடான காற்றையே இழுத்துக்கொள்ளும் அறைகளும் உண்டு. அறையில் ஒரு தெர்மாமீட்டரைத் தரைமட்டத்திலும் இன்னொன்றைக் கூரையடியிலும் தொங்கவிட்டு, வெளிக்காற்றோடு ஒப்பிட்டாலே சிக்கல் தெரிந்துவிடும். தரைமட்ட வெப்பநிலை வெளிக்காற்றைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருந்தால் சூடான காற்று சுற்றித் திரும்புகிறது என்று பொருள்.

எண்ணெய் வகையை உள்ளே வைத்தாலும் இந்த வெப்பம் எங்கும் போய்விடாது. அதே அளவு டிரான்ஸ்ஃபார்மருக்கு அதே ஐரோப்பிய வரம்பு 0.7 கிலோவாட்டும் 7.6 கிலோவாட்டும், மொத்தம் 8.3. அதற்கும் காற்று வேண்டும். சுமையில்லாத இழப்பில் மட்டும் உலர் வகை இரண்டு மடங்கு. அந்த 0.7 கிலோவாட் வித்தியாசம் வருடம் முழுக்க ஓடினால் 6,100 யூனிட்டுக்கு மேல். விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. உலர் வகையின் காற்றுப்பாதையில் தூசி அடைந்தால் குளிர்ச்சி போகும், ஈரத்தோடு சேர்ந்தால் மேற்பரப்பில் மின்கசிவும் தொடங்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது மின்சாரத்தை நிறுத்தி, எர்த் செய்து, வாக்குவம் போடவேண்டும். ஓடும்போது ரெசின் மேற்பரப்பைத் தொடவே கூடாது. கெட்டியாக, பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் அது எர்த் செய்யப்பட்ட மேற்பரப்பு இல்லை, தொட்டால் உயிர் போகும்.

கூடுதல் சுமை

மருத்துவமனைக்கு இதுதான் நடைமுறையில் மிக முக்கியம், ஆனால் ஒப்பந்தப் பேச்சில் கடைசியாக வருவது. 70 சதவீதச் சுமையில் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும் 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் மீது திடீரென்று 130 சதவீதம் ஏறுகிறது, இரண்டு மணி நேரம் நீடிக்கிறது என்று வைப்போம். அறைக்காற்று 40 டிகிரி.

எண்ணெய் வகையில் எண்ணெயின் வெப்பம் மெதுவாகவே ஏறும். அதன் நேர மாறிலி, அதாவது புதிய வெப்பநிலையை நோக்கி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏற எடுக்கும் நேரம், சுமார் மூன்று மணி நேரம். ஐ.இ.சி. சுமை வழிகாட்டியின் முறைப்படி கணக்கிட்டால், 70 சதவீதத்தில் மேல்மட்ட எண்ணெய் காற்றைவிட 36 டிகிரி கூடுதலாக இருக்கும். இரண்டு மணி நேரம் 130 சதவீதத்தில் ஓடியபின் அது 62 டிகிரி ஆகும். முழுச் சுமையில் வழக்கமாக இருக்கவேண்டிய 60 டிகிரியைத்தான் அப்போது தொட்டிருக்கும். வைண்டிங்கின் மிகச் சூடான புள்ளி 129 டிகிரி வரை போகும். காகித இன்சுலேஷனுக்கு அடிப்படை 98 டிகிரி, அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் முதுமை வேகம் இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் இந்த இரண்டு மணி நேரம் ஏறக்குறைய ஒரு நாள் ஆயுளைத் தின்றிருக்கும். அவ்வளவுதான். எதுவும் டிரிப் ஆகாது, விளக்கும் அணையாது.

உலர் வகையில் அந்தப் பொறுமை இல்லை. வைண்டிங்கும் ரெசினும் மட்டுமே வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளவேண்டும். நேர மாறிலி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் என்று வைக்கலாம். 70 சதவீதத்தில் 56 டிகிரி கூடுதலாக இருந்த வைண்டிங், 130 சதவீதத்தில் 150 டிகிரிக்கு மேல் கூடுதலை நோக்கி ஏறத் தொடங்கும். எஃப் வகுப்புக்கு வழக்கமாக 140 டிகிரியில் எச்சரிக்கை, 150 டிகிரியில் டிரிப் வைத்திருப்பார்கள். மின்விசிறி இல்லாவிட்டால் 37 நிமிடத்திலிருந்து 50 நிமிடத்துக்குள் டிரிப் ஆகிவிடும். அறை 45 டிகிரியாக இருந்தால் இன்னும் சில நிமிடம் முன்னதாகவே.

அந்த நேரத்தில் டிரிப் செட்டிங்கை ஏற்றி வைக்கத் தோன்றும். செய்யக்கூடாது. அந்த எண் இன்சுலேஷனின் உயிர் எல்லை.

இதற்குச் சரியான விடை வைண்டிங்குகளுக்கு அடியில் வைக்கும் மின்விசிறிகள். வைண்டிங்கின் சூட்டை அளக்கும் பி.டி.100 சென்ஸார் 100 டிகிரி வாக்கில் அவற்றைத் தானாக ஓடவிடும். பல உற்பத்தியாளர்கள் விசிறியோடு 140 சதவீதம் வரை தொடர் திறன் தருகிறார்கள். அப்போது நம் 130 சதவீதம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் 1.4 மடங்கு மின்னோட்டத்தில் வைண்டிங் இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அறையின் காற்றுத் தேவையும் அதோடு ஏறும். டிரான்ஸ்ஃபார்மருக்கு விசிறி வாங்கிவிட்டு, எல்.டி. பிரேக்கரையும் பஸ்பாரையும் 1333 ஆம்பியருக்கே வைத்துவிட்டால் கூடுதல் திறனைத் தொடவே முடியாது. மாதம் ஒருமுறை விசிறியைக் கையால் ஓடவிட்டுப் பார்க்காவிட்டால், தேவைப்படும் நாளில் ஓடுமா என்பதும் நிச்சயமில்லை.

அந்த மருத்துவமனைக்கு

கட்டடத்திலிருந்து விலகி, திறந்தவெளியில் வேலி போட இடமிருந்து, கேபிள் தூரமும் கைக்குள் இருந்தால் எண்ணெய் வகையே என் முதல் தேர்வு. மலிவு, இழப்பு குறைவு, சுமையைப் பொறுத்துக்கொள்ளும். எந்த மாவட்டத் தலைநகரிலும் ரீவைண்டிங் செய்யும் பட்டறை கிடைக்கும். காஸ்ட் ரெசின் காயில் பழுதானால் அதை அந்த இடத்தில் சரிசெய்ய முடியாது, புதுக் காயில் தொழிற்சாலையிலிருந்து வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருக்கும்.

உள்ளேதான் வைக்கவேண்டும் என்றால் உலர் வகை. ஆனால் 1000 கே.வி.ஏ. ஒன்று வேண்டாம், 630 கே.வி.ஏ. இரண்டு வாங்கச் சொல்வேன், இரண்டும் விசிறியோடு. சாதாரண நாளில் ஆளுக்கு 350 கே.வி.ஏ. சுமக்கும், குளிர்ச்சியாகவே ஓடும். ஒன்று பழுதானால் மற்றொன்று விசிறியின் துணையோடு 882 கே.வி.ஏ. வரை தரமுடியும். 700 கே.வி.ஏ. முழுவதையும் காயில் வரும்வரை தாங்கும். இதற்கு ஒவ்வொரு பக்கத்து எல்.டி. பிரேக்கரும் பஸ்பாரும் 1176 ஆம்பியர் சுமக்கும்படி இருக்கவேண்டும். மேலே சொன்ன இரண்டு பலவீனங்களுக்கும், அதாவது பொறுமையின்மைக்கும் பழுது பார்க்க முடியாமைக்கும், ஒரே ஏற்பாட்டில் பதில் கிடைக்கிறது.

எச்.டி. பக்கத்தில் வாக்குவம் பிரேக்கர் இருந்தால், அது திறந்து மூடும்போது வரும் கூர்மையான வோல்ட்டேஜ் அலைகள் உலர் வகையின் முதல் சில சுற்றுகளைத் தாக்கும். அந்த அலைகளை அடக்க சர்ஜ் அரெஸ்டரும், கேபிளின் நீளம் குறைவாக இருந்தால் ஆர்.சி. ஸ்நப்பரும் டிரான்ஸ்ஃபார்மர் முனையிலேயே வேண்டும். பல இடங்களில் இதை விட்டுவிட்டு, பின்னால் டிரான்ஸ்ஃபார்மரைக் குறை சொல்கிறார்கள்.

கடைசியாக, எந்தத் தளம்? அடித்தளம் என்றால் சென்னைக்காரர்கள் 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாமையும் நினைத்துப் பார்க்கவேண்டும். வெள்ளம் புகுந்த அடித்தளத்தில் மூடிய டாங்க் உள்ள எண்ணெய் வகை ஓரளவு தாக்குப்பிடிக்கும். உலர் வகையின் வைண்டிங்குகள் நேராகத் தண்ணீரில் நிற்கும். சேறு போகக் கழுவி, நன்றாக உலர்த்தி, இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் சோதித்துத் தேறாமல் அதற்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. அதற்குள் நாட்கள் ஓடிவிடும். எண்ணெய் இல்லாததால் கிடைக்கும் இன்னொரு சுதந்திரத்தை இங்கே பயன்படுத்தலாம்: உலர் வகையை முதல் மாடியிலோ சர்வீஸ் தளத்திலோ வைக்கலாம். 630 கே.வி.ஏ. ஒன்று இரண்டு டன் வாக்கில் இருக்கும். தளத்தின் தாங்குதிறனையும், எதிர்காலத்தில் மாற்ற அதை உள்ளே கொண்டுவரும் வழியையும் கட்டமைப்புப் பொறியாளரிடம் இப்போதே, வரைபடம் முடிவாகும் முன்பே கேட்டுவிடவேண்டும்.